திரையில் இருந்த பெயர் அவனுடையது, எழுதியவன் அவன் இல்லை

இணைய வகுப்பில் யாராவது அசிங்கமாக எழுதினால், நம் கண் முதலில் போவது அந்த வரிக்கு மேலே இருக்கும் பெயரின் மீதுதான். அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அவன் அதை எழுதவில்லை. அவனைக் காப்பாற்றியவை, வகுப்பு முடிந்த கையோடு எடுத்து வைத்த சில கோப்புகளும் ஒரு கையெழுத்துத் தாளும்தான். அவற்றில் எதை எப்படி எடுத்தோம், எது எதற்கு உதவியது என்பதை மற்ற ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன். இன்றும் ட்யூஷன், மழை விடுமுறை வகுப்பு, போட்டித் தேர்வுப் பயிற்சி என்று இணைய வகுப்பு எடுக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இது நடந்தது 2021 ஜூலையில். இரண்டாம் அலை தணிந்துகொண்டிருந்தாலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்குப் பள்ளி திறக்க செப்டம்பர் ஆகிவிட்டது. நான் தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. பள்ளி கட்டணம் கட்டி வாங்கியிருந்த ஜூம் கணக்கில்தான் வகுப்புகள் நடந்தன. பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்த ஃபோன் கிடையாது. அம்மாவின் ஃபோன், அண்ணனின் ஃபோன், சில நாள் பக்கத்து வீட்டு ஃபோன். அதனால் காத்திருப்பு அறையில் வந்து நிற்கும் பெயர்கள் `Redmi 9A`, `Galaxy A12`, `Amma`, யாரோ ஒரு அப்பாவின் கடைப் பெயர் என்று இருக்கும். ஒவ்வொன்றும் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாதி வகுப்பு போய்விடும். எனவே எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டு, வந்ததும் வரிசை எண்ணையும் பெயரையும் போட்டு மாற்றிக்கொள்ளச் சொல்வது எங்கள் பள்ளியின் வழக்கம். பேரை மாற்றிக்கொள்ளும் அந்த வசதி வழியாகத்தான் பிரச்சினை உள்ளே வந்தது.

அன்று ஒளியியல் பாடம். பத்தேகாலுக்குத் தொடங்கினேன். வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்று கேட்டதற்கு 23ஆம் எண் பையன் கேமராவைப் போட்டுக்கொண்டு ராலே சிதறலை விளக்கிக்கொண்டிருந்தான். 10:31க்கு உரையாடல் பெட்டியில் என்னைப் பற்றி, என் உடம்பைப் பற்றி ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அடுத்த நிமிடம் அதைவிட மோசமாக இன்னொன்று. அதே நேரத்தில், திரையில் நான் பகிர்ந்திருந்த குவிலென்சுக் கதிர்ப்படத்தின் மேல் யாரோ சிவப்புக் கோட்டில் ஆபாசமாக வரைய ஆரம்பித்தார்கள். 10:33க்கு ஒரு ஆண் குரல், கெட்ட வார்த்தை. வரி இரண்டும் வந்த பெயர், அப்போது பேசிக்கொண்டிருந்த அதே 23ஆம் எண் பையனுடையது.

இந்த இடத்தில் என்ன செய்வது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. ஜூமில் `Security` என்ற பொத்தானுக்குள் `Suspend Participant Activities` என்று ஒன்று 2020 கடைசியிலேயே வந்துவிட்டது. அதை அழுத்தினால் எல்லாருடைய ஒலி, படம், உரையாடல், திரையில் கிறுக்குவது எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. கூடவே வகுப்புப் பதிவும் நின்றுவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் எழுத்து மட்டும் வருகிறது என்றால், பக்கத்தில் பங்கேற்பாளர் பட்டியலைத் திறந்து வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழுத்தலாம். இரண்டு நொடி வேலை. ஆனால் ஆபாசப் படமோ குரலோ பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் ஆதாரத்துக்காக ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் நிறுத்துங்கள். உரையாடல் பெட்டியில் வந்தது கூட்டத்தை முடிக்கும்வரை உங்கள் திரையில் இருக்கத்தான் செய்யும்.

நான் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் பட்டியல் முழுதும் தெரிந்தது. 23 என்று தொடங்கும் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். அந்த நேரத்தில் அது என்ன சொல்கிறது என்று யோசிக்க நேரம் இல்லை. ஆனால் படத்தில் இருந்தது.

விண்டோஸ் கணினியில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விண்டோஸ் பொத்தானையும் `PrtScn` பொத்தானையும் சேர்த்து அழுத்துவதே நல்லது. முழுத்திரையும், கீழ் மூலையில் இருக்கும் கடிகாரத்தோடு, தானாக ஒரு கோப்பாக `Screenshots` அடைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கும் முறையில் கடிகாரமும் பட்டியலும் போய்விடும். எடுத்த படத்தில் வட்டம் போடுவது, அம்புக்குறி போடுவது, வார்த்தையை மறைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். தேவைப்பட்டால் நகல் எடுத்து அதில் செய்துகொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடக் கூடாது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நேரம் போன்ற உள்விவரமெல்லாம் கழன்றுவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஆவணமாக அனுப்பலாம். பென்டிரைவில் கொடுப்பது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு பிள்ளைகளிடம் இரண்டே வாக்கியம் சொன்னேன். வெளியிலிருந்து யாரோ வந்து இடைஞ்சல் செய்திருக்கலாம், பள்ளி இதைப் பார்த்துக்கொள்ளும். யார் பெயரையும் வாயில் எடுக்கவில்லை. அந்த இரண்டாவது 23 ஐ வெளியேற்றிவிட்டு, பேரை மாற்றும் வசதியையும் உரையாடலையும் மூடி, பாடத்தை முடித்தேன். கூட்டத்தை முடிக்கும் முன்னால் உரையாடல் பெட்டியில் மூன்று புள்ளியைத் தட்டி `Save Chat` கொடுத்தேன். இதை மறந்துவிட்டு `End` அழுத்திவிட்டால், தானாகச் சேமிக்கும் அமைப்பு இல்லாத கணக்கில் அந்த எழுத்துகள் போனது போனதுதான். சேமித்தது `Documents` அடைவுக்குள் `Zoom` என்ற அடைவில், அந்தக் கூட்டத்தின் தேதியும் பெயரும் கொண்ட உள் அடைவில், அன்று `meeting_saved_chat.txt` என்று இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் மணி, நிமிடம், நொடி இருக்கும்.

வகுப்புப் பதிவு கூட்டம் முடிந்த பிறகுதான் வீடியோவாக மாறும். அது முடிவதற்குள் அவசரத்தில் மடிக்கணினியை மூடிவிட்டால் `double_click_to_convert` என்று தொடங்கும் ஒரு கோப்புதான் மிஞ்சும். அதை அழித்துவிடாதீர்கள். இரண்டு முறை தட்டினால் வீடியோ வந்துவிட வாய்ப்பிருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் இணைய வகுப்பில் மாணவிகள் துன்புறுத்தப்பட்ட புகார் ஒன்று சென்னையில் பெரிதாக வெடித்த பிறகு, வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. அதனால்தான் எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் பதிவானது. ஆசிரியர்களைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் என் மாணவனுக்கும் அன்று அதுதான் துணை நின்றது.

பிறகு ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். நேரம், என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், வேறு யார் பார்த்தார்கள். நினைவு சூடாக இருக்கும்போது கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்ட தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. இதில் பெண் ஆசிரியைகளுக்கு ஒரு சங்கடம் வரும். அந்த வார்த்தைகளை எழுத கை வராது. எச்.எம். என் தாளைப் படித்துவிட்டு, "இதையெல்லாம் அப்படியே எழுதணுமா டீச்சர்? தகாத வார்த்தைகள்னு போட்டா போதாதா?" என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். போதாது. 'தகாத வார்த்தை' என்பது வாடா போடாவாகவும் இருக்கலாம், உடம்பைப் பற்றிய ஆபாசமாகவும் இருக்கலாம். எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்பதே வார்த்தையைப் பொறுத்தது. அதனால் ஒரு தாளில், வந்த எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டு எச்.எம்.மிடம் கொடுத்தேன். பள்ளிப் பதிவேட்டில் மட்டும் 'வாசகம் தனி உறையில் உள்ளது' என்று எழுதினோம். நாலு பேர் படிக்கும் பதிவேட்டில் அது இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. ஸ்டாஃப் குரூப்பில் சக ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளில் யாரோ எடுத்த வீடியோத் துண்டைப் போட்டுவிட்டார். அக்கறையில் போட்டதுதான். ஆனால் அதில் பிள்ளைகளின் முகம் இருந்தது, பெயர் இருந்தது, ஆபாசமும் இருந்தது. ஆபாசத்தை மின்னணு வழியில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவில் குற்றம். 'கண்டிக்கத்தான் பகிர்ந்தேன்' என்பதை ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. உடனே நீக்கச் சொன்னோம். பெற்றோர் குழுவுக்கு எச்.எம். பெயரில் இப்படி ஒரு செய்தி போனது: "இன்று காலை பத்தாம் வகுப்பு அறிவியல் வகுப்பில் ஒருவர் ஆபாசமாக எழுதி இடையூறு செய்தார். வகுப்பு உடனே கட்டுப்படுத்தப்பட்டது. பிள்ளைகள் யாராவது படமோ வீடியோவோ எடுத்திருந்தால் அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். வகுப்பாசிரியரை ஃபோனில் மட்டும் அழைத்துச் சொல்லவும். யாரையும் ஊகித்துப் பெயர் சொல்ல வேண்டாம்."

கடைசி வரிக்குப் பலன் இல்லை. மதியத்துக்குள் 23ஆம் எண் பையனின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவன் அப்பாவை வரச் சொல்லிவிட்டார் தாளாளர். "பேரே இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்பதுதான் அவர் கேள்வி.

அதற்குப் பதில் ஜூமின் இணையதளக் கணக்கில் இருந்தது. உள்ளே போய் `Reports`, பிறகு `Usage` என்று போனால், கூட்டம் வாரியாக யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற பட்டியல் கிடைக்கும். கட்டணக் கணக்குக்கு உள்ள வசதி இது. எங்கள் பட்டியலைத் திறந்ததும் வகுப்பு முந்தின நாள் இரவு நடந்ததாகக் காட்டியது. கணக்கைத் தொடங்கிய அலுவலக ஊழியர் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டிருந்தார். அது அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்தது, கோடைகாலத்தில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். சுயவிவரப் பக்கத்தில் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி எடுத்தோம். இதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியே தவறாக இருக்கும் ஒரு தாளைக் காவல் நிலையத்தில் கொடுத்தால், அதை விளக்குவதிலேயே அரை நாள் போய்விடும்.

பெயர்களை எடுத்துவிட்டு அந்த இரண்டு வரியை மட்டும் தருகிறேன்:

```
Name (Original Name)    Join     Leave
23 ---- (Redmi 9A)      10:12    10:58
23 ---- (Galaxy A12)    10:29    10:34
```

அடைப்புக்குறிக்குள் இருப்பது, உள்ளே வரும்போது இருந்த பெயர். பேரை மாற்றிக்கொண்டாலும் பழைய பெயர் அறிக்கையில் ஒட்டிக்கொண்டு வரும். பையனின் அம்மா வைத்திருப்பது ரெட்மி. அவன் வகுப்பு தொடங்கும் முன்பே வந்து கடைசிவரை இருந்திருக்கிறான். மற்றவன் 10:29க்கு வந்து, இவன் பெயரைப் பார்த்து அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறான்.

தாளாளர் லேசில் விடவில்லை. "ரெண்டு ஃபோன்ல வந்திருந்தா?" என்றார். நியாயமான கேள்விதான். இந்த அறிக்கை இரண்டு கருவிகள் வந்தன என்று மட்டும்தான் சொல்லும். இரண்டு ஆட்கள் என்று சொல்லாது. அதற்குப் பதிவு வேண்டியிருந்தது. வீடியோவில் 10:31க்கு அவன் முகம் தெரிகிறது. பேசுபவரைச் சுற்றி வரும் கட்டம் அவனைச் சுற்றி இருக்கிறது. புத்தகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ராலே சிதறலைச் சொல்கிறான். அதே நொடியில் உரையாடல் கோப்பில் முதல் வரி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு அந்த அறையில் பேச்சு அடங்கியது. ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருக்காது.

அப்படியானால் வந்தவன் யார், அவனுக்கு வழி காட்டியது யார்? போஸ்டன், பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் இணையத்தில் வெளியான 'இந்தக் கூட்டத்தில் போய்க் கலாட்டா செய்யுங்கள்' என்ற அழைப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை கடவுச்சொல்லை ஊகித்தோ திருடியோ நடந்தவை அல்ல, வகுப்புக்குள் இருப்பவர்களே இணைப்பைக் கொடுத்து வெளியாட்களை அழைத்தவை என்று அவர்கள் கண்டார்கள். குறி வைக்கப்பட்டவற்றில் இணைய வகுப்புகளே அதிகம். எங்கள் இடத்திலும் அதேதான். அன்று மாலை ஒரு மாணவி அம்மாவின் எண்ணிலிருந்து அழைத்தாள். இன்ஸ்டாகிராம் குழு ஒன்றில் 10:20க்கு எங்கள் வகுப்பு இணைப்பு போடப்பட்டிருக்கிறது, 23 பெயரைப் போட்டுக்கொண்டு வா என்ற குறிப்போடு. போட்டது வகுப்பில் இருந்த இன்னொரு பையன். இணைப்புக்குள்ளேயே கடவுச்சொல்லும் சேர்ந்து இருந்ததால் தட்டினால் போதும், காத்திருப்பு அறைதான். அங்கே `Galaxy A12` என்று நின்றவனை, வேறு ஏழெட்டு ஃபோன் பெயர்களோடு சேர்த்து நாங்களே உள்ளே விட்டோம்.

அன்று இரவு வந்த இன்னொரு அழைப்பு விஷயத்தையே வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. ஒரு மாணவியின் அம்மா. அதே போலிப் பெயரிலிருந்து அவள் மகளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் தனிச் செய்தி வந்திருக்கிறது, ஆபாசமாக. ஜூமில் இரண்டு பங்கேற்பாளர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தனிச் செய்தி ஆசிரியருக்குத் தெரியாது. நான் சேமித்த கோப்பில் அதில் ஒரு எழுத்துகூட இல்லை. இரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாள். மற்றவளிடம் இருந்தது கூட்டத்தோடு போய்விட்டது. உரையாடலை ஆசிரியருக்கு மட்டும் என்று வைக்காத வகுப்பில், நம் கண் முன்னாலேயே ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்துகொண்டிருக்கலாம், நமக்குத் தெரியாது. இந்த அமைப்பை எல்லா ஆசிரியர்களும் இன்றே மாற்றி வைக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், ஃபோனிலேயே வைத்திருங்கள், காவல்துறையிடம் நேராகக் காட்டலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம் என்றேன். மறுநாள் எச்.எம்.மிடம் எடுத்துச் சொன்னது இதுதான்: என்னைப் பற்றி எழுதியதை மட்டும் பார்த்தால், புகார் கொடுப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் நோக்கோடு செய்தி அனுப்பினால் அது போக்சோ சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது 21ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். பள்ளியின் பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. தாளாளரும் அதற்கு மேல் மறுக்கவில்லை.

புகாரை cybercrime.gov.in தளத்திலும் கொடுத்தோம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் கொடுத்தோம். தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால் பிறகு என்ன ஆயிற்று என்று பின்தொடர முடியாது. எண் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் பெயரோடு பதிய வேண்டும். காவல் நிலையத்தில் மனு வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, ஆனால் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

மனுவில் நாங்கள் எந்தச் சட்டப் பிரிவையும் எழுதவில்லை. அது காவல்துறையின் வேலை. கூட்ட எண், தேதி, இந்திய நேரம் நொடியோடு, போலிப் பெயர், உள்ளே வந்தபோது இருந்த கருவிப் பெயர், இணைப்பு எங்கே போடப்பட்டது, இணைத்திருக்கும் கோப்புகளின் பட்டியல், இவ்வளவுதான். நொடி எதற்கு என்று நானும் கேட்டேன். காவல் ஆய்வாளர் விளக்கினார். வந்தவனின் ஐபி முகவரி ஆசிரியரின் அறிக்கையில் வராது. காவல்துறை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கினாலும், மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் நிறையப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதில் இவன் யார் என்று பிரிப்பதற்கு நேரம் சுத்தமாக இருக்க வேண்டும். பதிவுகளை யாரும் காலமெல்லாம் வைத்திருக்கவும் மாட்டார்கள். பிறகு 2022 ஏப்ரலில், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான CERT-In, கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு உறுதி தருவதும் ஆறு மாதத்துக்குத்தான். பரீட்சை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத வேலை இது.

கோப்புகளோடு, இவை இந்தக் கணினியிலிருந்து மாற்றம் செய்யாமல் எடுத்தவை என்று ஒரு சான்றும் கேட்டார்கள். அன்று அது சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. புதிய சான்றுப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண். ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். விண்டோஸில், கோப்பு இருக்கும் அடைவிலேயே கட்டளைச் சாளரத்தைத் திறந்து, இதை ஒரே வரியில் எடுக்கலாம்:

```
certutil -hashfile meeting_saved_chat.txt SHA256
```

வருவதைச் சம்பவ நாளிலேயே பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டால், 'நீங்கள் திருத்தியிருக்கலாமே' என்று பிறகு யாரும் கேட்க முடியாது. எங்கள் கணினி ஆசிரியர் இப்போது இதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறார்.

வந்தவனைக் காவல்துறை கண்டுபிடித்தது. வேறு ஊர்க்காரன், பதினெட்டு வயது தாண்டியவன். இணைப்பைப் போட்ட எங்கள் மாணவனை, சிறுவன் என்பதால், அதற்கென உள்ள அதிகாரி பெற்றோர் முன்னிலையில் விசாரித்தார். இதற்கு மேல் எழுத மாட்டேன், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு. 23ஆம் எண் பையனுக்கு, அவன் எந்தத் தவறும் செய்யவில்லை என்று பள்ளி முத்திரையோடு எழுத்தில் தர வேண்டும் என்று வற்புறுத்தினேன். வாயால் சொன்னால் போதும் என்றார்கள். அவன்மேல் பழி வந்தது வாட்ஸாப்பில், எழுத்தில். ஆகவே விடுவிப்பும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன். எச்.எம். கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த வாசகத்தையே பெற்றோர் குழுவிலும் போட்டார்.

எல்லாக் குறும்பையும் இப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லவில்லை. மைக்கைத் திறந்து பாட்டுப் போடுகிறவன், நடிகர் பேரை வைத்துக்கொண்டு உள்ளே வருகிறவன், படத்தின் மேல் மீசை வரைகிறவன், இவர்களுக்கு வகுப்பாசிரியர் போதும். ஆனால் அதையும் நேரத்தோடு ஒரு வரி பதிவேட்டில் எழுதுங்கள். எங்கள் பதிவேட்டைப் புரட்டியபோது, அதற்கு முந்தின வாரமே வேறொரு வகுப்பில் ஒரே வரிசை எண் இரண்டு முறை தெரிந்தது என்று தமிழாசிரியை குறித்து வைத்திருந்தார். பெரிதாக எதுவும் நடக்காததால் அப்போது யாரும் தொடரவில்லை. மனுவில் அந்த வரியையும் சேர்த்தோம்.

பிறகு ஏற்பாட்டை மாற்றினோம். எல்லாருக்கும் ஒரே இணைப்பு என்பதை விட்டுவிட்டு, ஜூமில் முன்பதிவு முறையைத் திறந்தோம். ஒவ்வொரு மாணவனும் ஒரு மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்துகொண்டால், அவனுக்கென்று தனி இணைப்பு வரும். அந்த இணைப்பு வெளியே போனால் யாருடையது போயிற்று என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன ஆய்வாளர்களும் இதையேதான் பரிந்துரைத்தார்கள். உள்ளே இருப்பவனே கொடுத்துவிடும் கடவுச்சொல்லால் பயன் இல்லை என்பது அவர்கள் வாதம். மின்னஞ்சல் இல்லாத பெற்றோர் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொடங்கிக் கொடுத்தோம். ஒரே ஃபோனில் அண்ணனும் தங்கையும் படிக்கிற வீடுகளில் இணைப்பு மாறிப்போய்க் குழப்பம் வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டோம். பேரை மாற்றும் வசதி, திரையில் கிறுக்கும் வசதி, மாணவர்களுக்குள் தனிச் செய்தி, மூன்றும் நிரந்தரமாக மூடப்பட்டன. வகுப்புப் பதிவுகள் பள்ளிக் கணினியில் மட்டும் இருக்கும். சாதாரண வகுப்பின் பதிவு பருவம் முடிந்ததும் அழிக்கப்படும். சம்பவம் நடந்த வகுப்பின் பதிவு, வழக்கு முடியும்வரை, ஹாஷ் எழுதிய தாளோடு எச்.எம். அறைப் பீரோவில் இருக்கும். சாவி இரண்டு பேரிடம்.